பல்லவிக்கு முந்தைய 900 மில்லிநொடி

சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், டிரம்ஸ் வாசிப்பவர் அதுவரை பிடித்துக்கொண்டிருந்த நடையை ஒரு கணம் விட்டுவிட்டு நாலைந்து அடிகளை உருட்டிவிட்டுப் பல்லவியில் வந்து இறங்குவார். மெல்லிசை மேடையில் இதை ரோல் என்போம். ஃபில் என்றும் சொல்வார்கள். கேட்பவர் யாரும் இதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனாலும் அந்த அடிகள் விழுந்ததுமே ‘ஏதோ வரப்போகிறது’ என்று உடம்பு தயாராகிவிடுகிறது.

இதற்குக் காரணம் எளிமையானது. ஒரே நடை எட்டுப் பதினாறு பார் ஓடியபின் அடுத்த அடி எங்கே விழும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கும். அந்தக் கணிப்பு தவறும் இடத்தில்தான் கவனம் விழிக்கிறது. நடை எவ்வளவு ஒழுங்காக ஓடியிருக்கிறதோ, அவ்வளவு சின்ன மாற்றம் போதும். ஃபில் காலின்ஸ் 1981-இல் வெளியிட்ட ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் டிரம் மெஷினின் மெல்லிய நடை மட்டும்தான் ஓடும். அவர் ஒரு வரியைப் பாடி நிறுத்தியபின்தான் டாம்களில் அந்தப் புகழ்பெற்ற உருட்டல் வரும். அது வேகமானதும் அல்ல, கடினமானதும் அல்ல. அதற்கு முன்னால் இருந்த காத்திருப்பும், குரல் ஓய்ந்த இடைவெளியும்தான் அதன் பலம். பாடியவரும் வாசித்தவரும் ஒருவரே என்பதையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன் வாயில் சொல் இருக்கும்போது தன் கை குறுக்கே போகாது.

மற்றவர்களான நமக்கெல்லாம் பாடுகிறவர் வேறு, வாசிக்கிறவர் வேறு. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் குழுவின் சொந்தப் பாட்டு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 100 எண்ணிக்கை வேகம், நான்கு எண்ணிக்கைக்கு ஒரு பார். பல்லவி ‘இது சொந்த ஊரு’ என்று தொடங்கும். ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்து இறங்கியதும் பாடகி என்னிடம் வந்து, “அண்ணே, அந்த ‘இது’ எனக்கே கேக்கலண்ணே. நான் பாடினேனா இல்லையான்னு சந்தேகம் வந்துருச்சு” என்றார். குறை சொல்லும் தொனி இல்லை. அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். செல்போனில் எடுத்த பதிவைப் போட்டுக் கேட்டோம். மூன்று முறை பல்லவி வந்தது, மூன்று முறையும் ‘சொந்த ஊரு’ என்றுதான் காதில் விழுந்தது. ‘இது’ என் ஃப்ளோர் டாமுக்குள் போய்விட்டிருந்தது.

என்ன நடந்தது என்று பார்க்க, அந்தக் கடைசி பாரை விரித்துப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 100 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 600 மில்லிநொடி, ஒரு பாருக்கு 2.4 நொடி. ஒவ்வோர் எண்ணிக்கையையும் ‘த க தி மி’ என்று நான்காகப் பிரித்தால் ஒரு மாத்திரைக்கு 150 மில்லிநொடி, பாருக்கு 16 மாத்திரை. அன்று நான் வாசித்தது அந்தப் பதினாறையும் நிரப்பிய ஃபில். ஸ்னேரில் நான்கு, சின்ன டாமில் நான்கு, நடு டாமில் நான்கு, ஃப்ளோர் டாமில் நான்கு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட உரக்க. டிரம்ஸ் கற்கும் எல்லோரும் முதலில் கற்கும் உருட்டல் இதுதான். தனியாகக் கேட்டால் அழகாகத்தான் இருக்கும்.

இப்போது குரலை அதே பாரின்மேல் வைத்துப் பாருங்கள். சரணத்தின் கடைசி எழுத்து ‘லே’ ஒன்றாம் எண்ணிக்கையில் விழுந்து, இரண்டாம் எண்ணிக்கை முடியும்வரை நீள்கிறது. மூன்றில் பாடகி மூச்சு எடுக்கிறார். பல்லவியின் ‘இ’ நான்காம் எண்ணிக்கையின் ‘தி’யில் விழுகிறது, ‘து’ அதன் ‘மி’யில். அடுத்த பாரின் முதல் எண்ணிக்கையில் ‘சொ’. அதாவது டிரம்ஸ்காரர் பல்லவி தொடங்கும் இடமாக நினைப்பது சமத்தில் உள்ள ‘சொ’வை. பாட்டோ அதற்கு 300 மில்லிநொடி முன்பே தொடங்கிவிடுகிறது. கர்நாடக சங்கீதத்தில் இதற்குப் பெயர் அதீத எடுப்பு. தாள ஆவர்த்தம் தொடங்கும் முன்பே பாட்டு எடுக்கப்படுவது. நான் சமத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எடுப்பு என் கோலத்துக்குள் மிதிபட்டது.

ஏன் மிதிபட்டது என்பதற்குக் காதின் அமைப்பில் விடை இருக்கிறது. உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட குழலின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு நீளமாக ஓடுகிறது. கூர்மையான ஒலிகள் அதன் நுழைவாயில் பக்கத்தை அசைக்கின்றன, கனத்த ஒலிகள் கடைக்கோடியை. ஒலி அந்தச் சவ்வின்மேல் அலையாகப் பயணம் செய்து, தனக்குரிய இடத்தில் பெரிதாக எழுகிறது என்பதைக் கண்டறிந்தவர் கியோர்க் வான் பேக்கேசி. அதற்காக 1961-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தப் பயணத்தில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி உண்டு. கனத்த ஒலியின் அலை கடைக்கோடிக்குப் போகும் வழியில் மற்ற இடங்களையும் அசைத்துக்கொண்டே போகிறது. கூர்மையான ஒலியின் அலையோ வாசலிலேயே அடங்கிவிடுகிறது. அதனால் உரத்த கனமான ஒலி, தன்னைவிடக் கூர்மையான ஒலிகளை மறைத்துவிடும். திருப்பிச் செய்வது அவ்வளவு எளிதல்ல. ஃப்ளோர் டாம் ‘இ’யை விழுங்கிவிடும். ‘இ’யால் ஃப்ளோர் டாமை ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு சங்கதி காலத்தைப் பற்றியது. ஓர் உரத்த ஒலி நின்ற உடனே காது பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. அது தெளிய ஏறக்குறைய 100 முதல் 200 மில்லிநொடி ஆகும். அந்த இடைவெளிக்குள் வரும் மெல்லிய ஒலி, தனியே வந்தால் நன்றாகக் கேட்கக்கூடியதாக இருந்தாலும், மங்கித்தான் கேட்கும். நம் வேகத்தில் ஒரு மாத்திரை 150 மில்லிநொடி என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். குரல் தொடங்கும் மாத்திரைக்கு முந்தைய மாத்திரையில் ஓங்கி அடித்தாலே, குரலின் தொடக்கம் அந்த அடியின் நிழலில் விழுகிறது. குரல்மேல் அடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு முன்னால் குறைந்தது ஒரு மாத்திரையாவது வெறுமையாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, துணி வைத்து அணைக்காத ஃப்ளோர் டாம் அடித்தபின் ஒரு நொடிக்கு மேலும் முழங்கிக்கொண்டிருக்கும். கை எடுத்ததோடு அடி முடிவதில்லை.

‘இது’ மிகவும் எளிய இரை. இரண்டும் குறில். பாடகி அங்கே குரலைக் கொட்டுவதில்லை. ‘சொந்த’வுக்கு ஏறும் படி அது. ஆனால் அந்தப் படி இல்லாவிட்டால் வரி அந்தரத்தில் நிற்கும்.

ஆகவே ஃபில்லை நான் இப்போது பின்னாலிருந்து கட்டுகிறேன். முதலில் டிரம்ஸைத் தொடுவதில்லை. கிளிக் ஓடவிட்டு, பாடகியை அந்த இரண்டு பாரை மட்டும் நாலைந்து முறை பாடச் சொல்கிறேன். ஒரு தாளில் பதினாறு கட்டம் போட்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்கிறேன். கடைசி எழுத்தின் நீட்டல் எங்கே அறுகிறது, மூச்சு எங்கே விழுகிறது, எடுப்பின் முதல் எழுத்து எங்கே. இங்கே காகிதத்தில் அச்சிட்ட ஸ்வரத்தை நம்பக் கூடாது. பாடுகிறவர் பலமுறை அரை மாத்திரை முந்துவார் அல்லது இழுப்பார். அவர் பாடுவதுதான் கணக்கு.

எங்கள் பாட்டில் இப்படிக் குறித்ததும் கிடைத்தது ஆறு மாத்திரை. மூன்றாம் எண்ணிக்கை முழுதும், நான்காம் எண்ணிக்கையின் ‘த’வும் ‘க’வும். மொத்தம் 900 மில்லிநொடி. இதில் கடைசியாக உள்ள ‘க’வை வெறுமைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று மேலே பார்த்தோம். மிச்சம் ஐந்து. அதில் நான் வைத்துக்கொண்டது நான்கு அடி:

மூன்று: த (ஸ்னேர்) – . – தி (ஸ்னேர்) – மி (சின்ன டாம்)
நான்கு: த (ஃப்ளோர் டாம், கிக்) – . – இ – து
ஒன்று: சொ (கிக், கிராஷ்)

ஒன்றாம் இரண்டாம் எண்ணிக்கைகளில் நடை மாறுவதே இல்லை. இரண்டில் ஸ்னேர் வழக்கம்போல விழுகிறது. ‘லே’ நீளும் இடத்தில் கொஞ்சம் வாசித்தால் கெட்டுப்போகாது என்பது உண்மைதான். சொல்லை அடையாளம் காட்டும் மெய்யெழுத்து ஏற்கெனவே காதில் விழுந்துவிட்டது, மிச்சம் வெறும் ஏகாரம். ஆனால் முதல் பல்லவிக்கு அந்த இடத்தைத் தொட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நடை ஒழுங்காக ஓடினால்தானே அதை விட்டு விலகுவது தெரியும்.

மூன்றிலும் நான்கிலும் எண்ணிக்கையின் தலையில் அடி விழுகிறது, கவனியுங்கள். இது பாடகிக்காக. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு ‘தி’யில் நுழையக் காத்திருக்கிறார். நான்கு எங்கே என்று தெரிந்தால்தான் அதிலிருந்து இரண்டு மாத்திரை தள்ளி அவரால் எடுக்க முடியும். தலையை விட்டுவிட்டு இடையிடையே மட்டும் அடிக்கிற ஃபில் கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கும். பாடகி அங்கே தாமதமாக நுழைவார், அல்லது திரும்பி நம்மைப் பார்ப்பார். இடது காலால் ஹை-ஹேட்டை ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் மெல்ல மூடிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது.

உரப்பைப் பொறுத்தவரை, ஏறிக்கொண்டே போகும் பழக்கத்தை இங்கே திருப்பிப்போட்டேன். மூன்றின் ‘த’தான் பலமான அடி. பாடகி மூச்செடுக்கும் அந்த நேரத்தில் மறைக்க எந்தச் சொல்லும் இல்லை. அதிலிருந்து டாம்களுக்குப் போகப் போக அடி தணிகிறது. ஃப்ளோர் டாமின் தோலில் உள்ளங்கை அளவு துணியை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். முழக்கம் கால் நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது குறி. நான்கின் ‘த’விலிருந்து ‘இ’ வர 300 மில்லிநொடி இருக்கிறது. அடியின் நிழலும் கலைந்து, முழக்கமும் ஓய்ந்து, குரலுக்கு வெறும் தரை கிடைக்கிறது.

இன்னொரு லாபம் எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது. ஃப்ளோர் டாமிலிருந்து கிராஷுக்குக் கை போக 600 மில்லிநொடி இருக்கிறது. பதினாறு அடி வாசித்தபோது அதே தூரத்தை 150 மில்லிநொடியில் தாண்ட வேண்டியிருந்தது, அந்த அவசரம் முழு உருட்டலையும் முன்னால் தள்ளியது. ஒவ்வோர் இடைவெளியும் 4 மில்லிநொடி சுருங்கினால் பதினாறு இடைவெளியில் 64 மில்லிநொடி. அவ்வளவு முந்திச் சமத்தில் விழுந்தால் பல்லவி தடுக்கி நுழைவது போலிருக்கும். நாலு அடியில் அப்படிச் சேர வாய்ப்பு குறைவு, நடுவில் உள்ள வெறுமையில் கை தன்னைத் திருத்திக்கொள்ளவும் முடிகிறது.

இனி கிராஷ். பலர் ஃபில்லை ஒழுங்காகக் கட்டிவிட்டு இங்கே கோட்டை விடுகிறார்கள். கிராஷின் சீற்றம் பெரும்பாலும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே பரவிக் கிடப்பது. ‘ச’வின் சீறலும் அங்கேதான் குடியிருக்கிறது. ‘சொந்த’ என்ற சொல் சமத்தில் விழும்போது அதே கணத்தில் கிராஷை முழுப் பலத்தோடு அடித்தால் ‘சொ’ வெறும் ‘ஒ’ ஆகிவிடும். இதே இடத்தில் ‘நம்ம ஊரு’ என்று இருந்திருந்தால் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். நகரம் மூக்கில் ஒலிப்பது, அதன் பலம் கீழே இருக்கிறது. அதனால் கிராஷை எவ்வளவு ஓங்குவது என்பதை நான் பல்லவியின் முதல் எழுத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன். எங்கள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது மெல்லிய, இருண்ட ஒலியுள்ள கிராஷ். ஓரத்தில் வெட்டாமல் குச்சியின் தோள்பட்டையால் தடவினாற்போல் ஓர் அடி, கூடவே கிக் மட்டும் பலமாக. பல்லவி வந்து இறங்கிவிட்டது என்ற உணர்வில் பெரும்பங்கைக் கிக்கே கொடுத்துவிடுகிறது.

மேடையில் கிராஷை அடக்கி வாசிக்க இன்னொரு காரணமும் உண்டு. பாடகி கையில் பிடித்திருக்கும் மைக் முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியைத் தள்ளும் வகை. அதன் பின்பக்கம் பார்வையாளர்களை நோக்கி இருக்கிறது, முன்பக்கம் அவர் வாயை. அவர் தலைக்குப் பின்னால் அதே நேர்கோட்டில் உட்கார்ந்திருப்பது நாம். சின்ன மேடையில் கிராஷ் நம் மைக்கில் மட்டுமா போகிறது? குரலின் மைக்கிலும் ஏறுகிறது. சவுண்ட் என்ஜினியர் குரலை உயர்த்த உயர்த்தக் கிராஷும் சேர்ந்து உயரும். ஸ்டுடியோவில் குரலைத் தனியாகப் பதிவதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஃப்ளோர் டாமை மட்டும் ஃபேடரில் இறக்கவும் முடியும். ஆனால் பதினாறு அடியை இறக்கினால் அது பதினாறு மெல்லிய அடிதான். இடைவெளி வந்துவிடாது.

சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ஃபில்லை வாசித்துக்கொண்டே எடுப்பை நானே வாய்விட்டுப் பாடிப் பார்ப்பேன். ‘இ’ சொல்லும் நேரத்தில் கை எதையாவது அடிக்கத் துடித்தால், அந்த அடி குரலின் இடத்தில் இருக்கிறது என்று பொருள். நாக்கு தடுக்கும் இடமும் குரல் மறையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் கண்டிருக்கிறேன். அடுத்ததாகச் செல்போன் பதிவை மிகக் குறைந்த சத்தத்தில் போட்டு, பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் பல்லவியின் முதல் இரண்டு சொற்களைக் கேட்பேன். நமக்கு வரி மனப்பாடம். கேட்காத எழுத்தையும் நம் மூளை நிரப்பிவிடும். அதனால் நம் காது இந்த வேலைக்கு உதவாது.

வேகம் மாறினால் கணக்கும் மாறும். நிமிடத்துக்கு 140 என்றால் மாத்திரை 107 மில்லிநொடிதான். அங்கே கடைசி அடிக்கும் குரலுக்கும் இடையே ஒரு மாத்திரை தூரம் போதவே போதாது, இரண்டு வேண்டும். மேலே சொன்ன நாலடி ஃபில்லில் நான்கின் ‘த’வுக்கும் ‘இ’க்கும் இடையே இரண்டு மாத்திரை தூரம் இருப்பதால் அது அப்போதும் தாங்கும், 214 மில்லிநொடி கிடைக்கும். மெல்ல நடக்கும் பாட்டில் இடம் தாராளமாக இருக்கும், நிரப்பிவிட ஆசையும் தாராளமாக வரும். எடுப்பின் முன்னால் விடும் வெறுமையை மட்டும் அங்கேயும் குறைப்பதில்லை.

எடுப்பு சமத்திலேயே இருந்தால் நான்காம் எண்ணிக்கையின் ‘தி’ வரை வாசித்துவிட்டு, ‘மி’யை மட்டும் விட்டுவிடலாம். சமம் தாண்டிப் பாட்டு தொடங்கும் அனாகத எடுப்பில் நிலைமை தலைகீழ். ‘சொந்த ஊரு’ முதல் எண்ணிக்கையின் ‘தி’யில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சமம் முழுக்க நம்முடையது. ஃபில்லைக் கடைசி வரை உருட்டி, கிராஷையும் ஓங்கி அடித்து, உடனே விரலால் பிடித்து அணைத்துவிட்டால் அந்த இடத்தில் குரல் பளிச்சென்று நுழையும். மிருதங்க வித்வான்கள் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வரும் கோர்வையைச் சமத்தில் அல்ல, பாட்டின் எடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுவந்து முடிப்பார்கள். மூன்றாம் சுற்றின் கடைசிச் சொல் விழுந்ததும் பாடுகிறவர் தயங்காமல் வரியை எடுத்துக்கொள்வார். எத்தனையோ கச்சேரிகளில் இதைக் கேட்டிருந்தும், என் டிரம்ஸுக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்ற ஒரு ‘இது’ காணாமல் போக வேண்டியிருந்தது.

எங்கள் பாட்டில் பல்லவி மூன்று முறை திரும்புகிறது. முதல் இரண்டுக்கும் அந்த நாலடிதான். இரண்டாவது முறை சின்ன டாமுக்குப் பதில் ஸ்னேரிலேயே மூன்றையும் வாசிப்பேன், அவ்வளவுதான் வேறுபாடு. மூன்றாவது முறைக்குப் பெரிய ஃபில் வைக்கலாமா என்று ஒத்திகையில் பேசினோம். வைக்க இடமும் இருந்தது. அதற்குள் சொல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், கொஞ்சம் மறைந்தாலும் காது நிரப்பிக்கொள்ளும். ‘லே’யின் நீட்டலில் இருந்தே தொடங்கி எட்டு அடிகள் வாசித்துப் பார்த்தேன். பாடகி கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா அந்த எடத்துல ஜனங்களும் சேந்து பாடுவாங்க, அது கேக்கட்டுமே” என்றார். இப்போது மூன்றாவது முறை மூன்றாம் எண்ணிக்கையில் ஹை-ஹேட்டை மூடிவிட்டுக் கையைத் தூக்கிக்கொள்கிறேன். நான்கில் கிக் மட்டும் ஓர் அடி. ‘இது’ மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து வருகிறது.